சடன் பிரேக் காட்சியை எங்கிருந்து தொடங்குவது? டிரைவர் பயிற்சிப் பட ஸ்கிரிப்ட்

ஸ்கிரிப்ட்_மேசை
ஜூன் 3, காலை 10:12

புதிதாகச் சேரும் பஸ் டிரைவர்களுக்கு 12 நிமிடப் பயிற்சிப் படம். பயணிகள் பாதுகாப்பு, கண்ணாடி பார்ப்பது, சடன் பிரேக் என்று மூன்று பகுதி. முதல் இரண்டும் ஓரளவு தயாராகிவிட்டன. மூன்றாவதில்தான் தகராறு. இப்போதைக்கு எழுதியிருப்பது இது:

படம்: 12 மீட்டர் நகரப் பேருந்து. வேகம் 40. சாலை ஓரம் ஒரு வேன் நிற்கிறது. வேனுக்கு முன்னாலிருந்து ஒருவர் திடீரென்று சாலையில் இறங்குகிறார்.
குரல்: "பிரேக்கைச் சட்டென்று மிதிக்காதீர்கள், பயணிகள் விழுவார்கள். முதலில் கண்ணாடியைப் பாருங்கள். பிறகு படிப்படியாக மிதியுங்கள்."

பஸ்ஸுக்குள் 20 பேர் நின்றுகொண்டிருக்கும்போது டிரைவர் அவர்களைத்தான் முதலில் நினைக்க வேண்டும் என்பது என் வாதம். படித்துப் பார்த்த இரண்டு பேர் "இது ஆளைக் கொல்லும் வசனம்" என்கிறார்கள். எது சரி?

பழைய_கியர்
ஜூன் 3, காலை 11:40

அந்த ரெண்டு பேர் சொல்றதுதான் சரி. வசனத்தை எடுத்துடுங்க மேடம்.

ரெண்டு வேற வேற பிரேக்கை ஒண்ணாக் கலந்திருக்கீங்க. ஸ்டாப்பிங்ல நிறுத்தப் போறப்ப கண்ணாடி பார்த்துட்டு மிதிக்கணும், அது சரி. எதிர்ல ஆள் வந்த பிறகு கண்ணாடி பார்க்க நேரமே கிடையாது. 40-ல போற வண்டி ஒரு நொடியில 11 மீட்டர் போகும். உள் கண்ணாடியைப் பார்த்துட்டுக் கண்ணை ரோட்டுக்குக் கொண்டுவர முக்கால் நொடியாவது ஆகும். அதுலயே 8 மீட்டர் போச்சு, கால் இன்னும் பிரேக்குக்கே வரலை. படிப்படியா வேற மிதிக்கச் சொல்றீங்க.

ஆள் குறுக்கே வந்துட்டா முழு மிதி. ஏபிஎஸ் இருக்கிற வண்டின்னா மிதிச்ச காலை வண்டி நிக்கிற வரைக்கும் எடுக்கக் கூடாது. ஸ்டீயரிங்கை ஒடிக்கக் கூடாது. பக்கத்துல என்ன வருதுன்னு அந்த நேரத்துல தெரியாது, நின்னுட்டிருக்கிறவங்களுக்கு முன்னாடி விழறதை விடப் பக்கவாட்டுல விழறது மோசம்.

ஆனா நீங்க கேட்கிற கேள்வி தப்பில்ல. உள்ள நிக்கிற 20 பேரை டிரைவர் நினைக்கத்தான் வேணும். அதை நினைக்க வேண்டிய நேரம் வேனைத் தூரத்துல பார்த்த நேரம். உங்க காட்சி ரொம்ப லேட்டா ஆரம்பிக்குது. வேனுக்கு 70 மீட்டர் இருக்கிறப்பவே கேமராவை ஓட விடுங்க. ஆள் இறங்குற நொடி வர்றப்ப பாடம் முடிஞ்சிருக்கணும்.

ரூட்_27
ஜூன் 3, மதியம் 1:05

இவ்வளவு தூரம் போகவே தேவையில்ல. காலை ஆக்சிலேட்டர்ல இருந்து எடுத்து பிரேக் மேல லேசா வெச்சுக்கிட்டுப் போனாப் போதும், மிதிக்காம. அதுலயே பாதி நேரம் மிச்சம். வேகத்தைக் குறைச்சா பின்னாடி வர்றவன் ஹாரன் அடிப்பான், டைமிங் போயிடும். "காலை பிரேக் மேல வை", இந்த ஒரே வரி போதும் படத்துக்கு.

பழைய_கியர்
ஜூன் 3, மாலை 6:30

ரூட்_27 சொல்றதுல விஷயம் இருக்கு தம்பி, ஆனா பெரிய பங்கு அங்க இல்ல. கணக்குப் போட்டே காட்டிடறேன், ஸ்கிரிப்ட்டுக்கும் உதவும்.

ஆள் இறங்குறப்ப பஸ்ஸோட முன்பக்கத்துக்கும் ஆளுக்கும் நடுவுல 25 மீட்டர்னு வெச்சுக்குவோம். கால் ஆக்சிலேட்டர்ல இருந்தா, பார்த்து, புரிஞ்சு, காலை மாத்தி மிதிக்க 1 நொடி. கால் ஏற்கெனவே பிரேக் மேல இருந்தா 0.7 நொடி. மிதிச்ச பிறகு ஏர் பிரேக்ல காத்து ஓடிப் போய் சக்கரத்தைப் பிடிக்க இன்னொரு 0.3 நொடி, ரெண்டு பேருக்கும் பொது. மிச்சம் இருக்கிற தூரத்துல நிக்கணும்னா, ஒவ்வொரு நொடிக்கும் எத்தனை கி.மீ. வேகம் குறையணும்ங்கிறதுதான் கேள்வி. உள்ள நிக்கிறவங்க உடம்புல படுறது அந்த எண்தான்.

40 வேகம், கால் ஆக்சிலேட்டர்ல: பிரேக் பிடிக்கிறதுக்குள்ள 14 மீட்டருக்கு மேல போயிடும். மிச்சம் பத்தரை மீட்டர். நொடிக்கு 21 கி.மீ. குறையணும். நல்ல காய்ஞ்ச ரோட்டுல, நல்ல டயரோட, வண்டி தர்றதுல அதான் உச்சம். கொஞ்சம் ஈரம் இருந்தா நிக்காது, இடிச்சிடும். நின்னாலும் உள்ள நிக்கிற யாரும் நிக்க மாட்டாங்க.

40 வேகம், கால் பிரேக் மேல: நொடிக்கு 16. இடிக்காம நிக்கலாம். உள்ள கதை அதேதான்.

30 வேகம், கால் ஆக்சிலேட்டர்ல: நொடிக்கு 9 கி.மீ. போதும்.

30 வேகம், கால் பிரேக் மேல: ஏழரை.

பாருங்க, காலை மாத்தி வெச்சதால 21 வந்து 16 ஆச்சு. வேகத்தை 10 குறைச்சதால 21 வந்து 9 ஆச்சு. ரெண்டும் சேர்ந்தா ஏழரை. சாதாரணமா ஸ்டாப்பிங்ல நிறுத்தறப்ப நல்ல டிரைவர் நொடிக்கு 4, 5 கி.மீ.க்கு மேல குறைக்க மாட்டார். ஏழரைன்னா கம்பியைப் பிடிச்சு நிக்கிறவங்க ஒரு அடி முன்னால வெச்சு நின்னுக்குவாங்க. 16-ல கம்பியைப் பிடிச்ச கையே பிய்ச்சுக்கிட்டு வரும்.

ரூட்_27
ஜூன் 3, இரவு 8:15

16-க்கும் 9-க்கும் இவ்வளவு வித்தியாசம் இருக்கும்னு நினைக்கலை. ஒத்துக்கறேன். ஆனா ஒவ்வொரு நிக்கிற வண்டியைப் பார்த்தும் 30-க்கு வர முடியுமா? சில ரோட்டுல வரிசையா நிக்குமே.

பழைய_கியர்
ஜூன் 3, இரவு 8:50

வரிசையா நின்னா அந்த ரோடு முழுக்க 30-தான். தனி ஒரு வேன்னா அதைத் தாண்டற வரைக்கும் மட்டும். 50 மீட்டரை 40-ல தாண்ட நாலரை நொடி, 30-ல தாண்ட 6 நொடி. திரும்ப வேகம் எடுக்கிறதையும் சேர்த்தாலும் சில நொடிதான் போகும்.

இன்னொரு வழியும் இருக்கு. பக்கவாட்டுல இடம் இருந்தா வேனை விட்டு ஒண்ணரை மீட்டர் தள்ளிப் போகலாம். அப்ப ஆள் வேனோட முன் மூலையைத் தாண்டி வெளியே வந்ததுமே தெரியும், அவர் நம்ம பாதைக்கு வர இன்னும் ஒண்ணு ரெண்டு தப்படி இருக்கும். ஆனா அப்படித் தள்ளிப் போக ஓட்டுநர் பக்கக் கண்ணாடி பார்த்தே ஆகணும். கண்ணாடி வேலை செய்யற இடம் இது.

பணிமனை_ஸ்பேனர்
ஜூன் 4, காலை 7:20

அந்த 0.3 நொடி ஒழுங்கா இருக்கிற வண்டிக்கு. பிரேக் லைனிங் தேய்ஞ்சு, அட்ஜஸ்டர் சரியா வேலை செய்யலைன்னா சேம்பர் ராடு நீளமா வெளியே வந்துதான் பிடிக்கும். நேரமும் கூடும், பிடியும் குறையும். டிரைவருக்கு எப்படித் தெரியும்னா, அதே மாதிரி நிறுத்த முன்னை விட ஆழமா மிதிக்க வேண்டி வரும்.

இன்னொண்ணு. இறக்கத்துலயோ நெரிசல்லயோ பிரேக்கைத் தட்டித் தட்டி ஓட்டுறவங்க காத்தைக் காலி பண்றாங்க. ஒவ்வொரு மிதிக்கும் டேங்க்ல இருந்து காத்து போகுது, கம்ப்ரஸர் நிரப்ப நேரம் வேணும். மீட்டர் முள் இறங்கறதைப் பார்க்காம ஓட்டி, கடைசியில பெரிய பிரேக் தேவைப்படறப்ப பிடி குறைஞ்சிருக்கும். எச்சரிக்கை பஸர் கத்தினா ஓரம் கட்டி நிறுத்தணும், அதோட ஸ்டாப்பிங் ஸ்டாப்பிங்கா போகக் கூடாது. படத்துல முள்ளைக் கிட்டத்துல ஒரு ஷாட் காட்டுங்க.

மினிபஸ்_ஓனர்
ஜூன் 4, காலை 9:02

எங்க மினி பஸ்ல பிரேக் மிதிச்சா வண்டி ஒரு பக்கமா இழுக்குது. டிரைவர் ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் கொஞ்சம் பிடிச்சு ஓட்டிக்கிறார். இந்த மாதிரி வண்டியில சடன் பிரேக் எப்படிப் போடணும்னு படத்துல வருமா? ஏர் பிரேக் இல்ல, ஆயில் பிரேக்.

பணிமனை_ஸ்பேனர்
ஜூன் 4, காலை 9:30

வராது, வரவும் கூடாது. அது ஓட்டுற வித்தை இல்ல சார், ரிப்பேர். முதல்ல டயர் காத்து ரெண்டு பக்கமும் சமமான்னு பாருங்க. சமம்னா, ஒரு பக்கக் காலிப்பரோ வீல் சிலிண்டரோ சிக்கியிருக்கணும், இல்ல லைனிங்ல ஆயில் பட்டிருக்கணும். இழுக்கிற பக்கம்தான் கெட்டிருக்குன்னு நினைச்சு அதை மட்டும் கழட்டுவாங்க. பெரும்பாலும் பிடிக்காம இருக்கிற எதிர்ப்பக்கம்தான் கோளாறு. முழு பிரேக் போட்டா ஸ்டீயரிங்கைப் பிடிச்சு சமாளிக்க முடியாது. அதுவரைக்கும் ஆள் ஏத்தாதீங்க.

ஆயில் பிரேக்ல காத்து ஓடற அந்தத் தாமதம் ரொம்பக் குறைவு. அதனால மேல போட்ட கணக்கு பெரிய வண்டிக்குத்தான்.

ஸ்கிரிப்ட்_மேசை
ஜூன் 4, மாலை 4:45

பழைய வசனம் போயிற்று. கணக்கைப் பார்த்த பிறகு அதை வைத்திருக்க எனக்கு மனமில்லை. புது வரைவு, 70 மீட்டரிலிருந்து:

படம்: டிரைவரின் கண் மட்டத்தில் கேமரா. தூரத்தில் வேன். திரையின் மூலையில் "70 மீட்டர்".
குரல்: "ஓரத்தில் நிற்கும் வண்டி. அது யாரை மறைத்திருக்கிறது என்று தெரியாது."
படம்: கண் உள் கண்ணாடிக்குப் போகிறது. நடைபாதையில் ஒரு முதியவர் எழுந்து நிற்கிறார்.
படம்: கண் ஓட்டுநர் பக்கக் கண்ணாடிக்கு. பின்னால் ஒரு பைக்.
படம்: கால் ஆக்சிலேட்டரை விடுகிறது. "50 மீட்டர்".
படம்: முள் 30-ஐத் தொடுகிறது. கால் பிரேக் மேல். "25 மீட்டர்". ஆள் இறங்குகிறார்.

அண்ணே, நேரம் ஒத்துவருமா? இரண்டு கண்ணாடி பார்த்து வேகத்தையும் குறைக்க இடம் இருக்கிறதா?

பழைய_கியர்
ஜூன் 4, இரவு 9:10

ஒத்துவருது. 70-ல இருந்து 50 வரைக்கும் 20 மீட்டர், 40 வேகத்துல 1.8 நொடி. ரெண்டு பார்வைக்குப் போதும், ஒவ்வொண்ணும் ஒரு நொடிக்குள்ள. ரெண்டுக்கும் நடுவுல கண் ஒரு தடவை ரோட்டுக்கு வந்துட்டுப் போகணும், அதைக் கட்டாயம் காட்டுங்க. கண்ணாடியில இருந்து நேரா அடுத்த கண்ணாடிக்குத் தாவுற பழக்கம் புதுசா வர்றவங்களுக்கு நிறைய. 50-ல இருந்து நொடிக்கு 4 கி.மீ. வீதம் குறைச்சா ரெண்டரை நொடியில 30-க்கு வந்துடலாம். அதுக்குள்ள 24 மீட்டர் போயிருக்கும். 26-ல நிக்கிறீங்க. கச்சிதம்.

ஒரு திருத்தம். ஆக்சிலேட்டரை விட்டா மட்டும் நொடிக்கு 4 குறையாது. லேசா பிரேக்கும் வேணும், இல்ல வேகத்தைக் குறைக்கிற ரிட்டார்டர் இருந்தா அதோட முதல் படி. லேசா மிதிக்கிறதால பின் விளக்கு எரியும், பின்னாடி வர்ற பைக்காரருக்கும் தெரியும்.

கண்ணாடி எதுக்குன்னு குரல்ல சொல்லுங்க. "பாருங்க"ன்னு மட்டும் சொன்னா தலையை ஆட்டிட்டுப் போயிடுவாங்க. உள் கண்ணாடியில பார்க்கிறது: யார் நிக்கிறாங்க, யார் பிடிக்காம நிக்கிறாங்க, யார் நடக்கிறாங்க. முதியவர் நடைபாதையில இருந்தா 30 கூட அதிகம், 25-க்கு வாங்க. வெளிக் கண்ணாடியில பார்க்கிறது: பின்னாடி ஒட்டி யார் வர்றாங்க. கண்ணாடி தர்ற பதில் வேகத்தை மாத்தணும்.

கேமரா_கண்
ஜூன் 5, காலை 8:00

கண்ணாடி ஷாட்ல ஒரு சிக்கல். வழக்கமா டிரைவர் தோளுக்குப் பக்கத்துல கேமரா வெச்சுக் கண்ணாடியை எடுப்பாங்க. அப்ப கேமராவுக்குத் தெரியறது டிரைவருக்குத் தெரியறது கிடையாது. கேமரா கொஞ்சம் தள்ளினாலே கண்ணாடியில வேற இடம் தெரியும். படத்துல பின் சக்கரம் அழகாத் தெரியும், பார்க்கிற டிரைவர் தன் வண்டியில அதே மாதிரி கண்ணாடியைத் திருப்பி வெச்சார்னா அவருக்கு வானம் தெரியும்.

கண்ணாடி ஷாட் எல்லாத்தையும் நிறுத்தின வண்டியில எடுத்துடலாம். டிரைவரை எழுப்பிட்டு, அவர் கண் இருந்த உயரத்துல, அதே இடத்துல லென்ஸ். சீட்டை ஏத்தி இறக்கினாக் கண்ணாடியையும் திரும்ப அட்ஜஸ்ட் பண்ணணும்ங்கிற பாடமும் அதுலயே வந்துடும்.

பழைய_கியர்
ஜூன் 5, காலை 10:25

அருமை. அதே ஷாட்ல இன்னொண்ணு எடுங்க, கண்ணாடியே மறைக்கிறது.

வெளிக் கண்ணாடியோட கூடு 25 செ.மீ. அகலம், கண்ணுல இருந்து 1 மீட்டர் தள்ளி இருக்குன்னா, 10 மீட்டர் தூரத்துல ஏறக்குறைய 2 மீட்டர் அகலத்தை மறைக்கும், ரெண்டு கண்ணால பார்த்தாலும். அதுக்குள்ள ரெண்டு பேர் சைக்கிளோட நிக்கலாம். பக்கத்துத் தூண் வேற அதோட சேர்ந்துக்கும். திரும்பறப்ப மோசம். வண்டி திரும்பற வேகமும் குறுக்கே நடக்கிறவர் வேகமும் ஒத்துப் போச்சுன்னா அவர் கடைசி வரைக்கும் அந்தக் கூட்டுக்குப் பின்னாடியே நடந்து வருவார். டிரைவர் "ஆள் வரவே இல்லை"ன்னு சத்தியம் பண்ணுவார், பொய்யும் இல்ல.

இதுக்கு மருந்து உடம்பை அசைக்கிறதுதான். 30 செ.மீ. பக்கவாட்டுல சாய்ஞ்சா 10 மீட்டர்ல மறைவு 2.7 மீட்டர் நகரும், மறைஞ்சவர் முழுசா வெளியே வந்துடுவார். தலையை மட்டும் லேசாத் திருப்பினா ஒண்ணும் நகராது. கழுத்தைத் திருப்பறதுக்கும் முதுகைச் சாய்க்கிறதுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கேமராவால காட்ட முடியும். முதல்ல லென்ஸை அதே இடத்துல சும்மா திருப்புங்க, கூட்டுக்குப் பின்னாடி யாரும் தெரிய மாட்டாங்க. அப்புறம் அதே லென்ஸை 30 செ.மீ. நகர்த்துங்க, ஆள் வெளியே வருவார். குரலே வேண்டாம்.

கண்டக்டர்_பை
ஜூன் 5, மதியம் 2:40

எல்லாம் நடுரோட்டுல நடக்கிற பிரேக்கைப் பத்தியே பேசறீங்க. உள்ள நிக்கிறவங்களுக்கு 40 வேகத்து பிரேக்கை விட 15 வேகத்து பிரேக்தான் பயம். ஸ்டாப்பிங்ல இருந்து எடுத்து முதல் பத்து நொடி. ஏறினவங்க சீட்டைத் தேடி நடக்கிறாங்க, ஒரு கையில பை, ஒரு கையில குழந்தை. அப்ப பஸ்ஸைப் பிடிக்க ஒருத்தர் முன்னால ஓடி வருவார், டிரைவர் டக்குன்னு மிதிப்பார். வேகம் 15-தான், ஆனா யாரும் எதையும் பிடிச்சிருக்க மாட்டாங்க.

அதே மாதிரி ஸ்டாப்பிங்குக்கு முன்னாடி. இறங்கறவங்க வண்டி நிக்கிறதுக்கு முன்னாலயே எழுந்து படிக்கு நடப்பாங்க. அந்தக் கடைசி குலுக்கல் இருக்கே, அதுல பின்னாடி விழுவாங்க, முன்னாடி இல்ல.

ஸ்கிரிப்ட்_மேசை
ஜூன் 5, மாலை 5:15

அக்கா, பின்னாடியா? பிரேக் போட்டால் முன்னால்தானே சாய்வார்கள்?

கண்டக்டர்_பை
ஜூன் 5, மாலை 5:50

முன்னால சாயாம இருக்க எல்லாரும் உடம்பைப் பின்னால தள்ளிப் பிடிச்சிருப்பாங்க. வண்டி முழுசா நின்னதும் முன்னால இழுத்த இழுப்பு ஒரே நொடியில போயிடும், உடம்பு மட்டும் இன்னும் பின்னால தள்ளிக்கிட்டே இருக்கும். அதோட அமுங்கின சஸ்பென்ஷன் எழும்பி வண்டியும் ஒரு தடவை பின்னால ஆடும். தலை சீட்டுக் கம்பியில இடிக்கிறது அப்பத்தான்.

பழைய_கியர்
ஜூன் 5, இரவு 8:20

அக்கா சொல்றது நூத்துக்கு நூறு. ஸ்டாப்பிங் பிரேக்ல, முள் 3, 4-க்கு வர்றப்ப காலைக் கொஞ்சம் தளர்த்தணும், நின்னதும் திரும்ப அழுத்திப் பிடிக்கணும். சரியாச் செஞ்சா எப்ப நின்னுச்சுன்னே தெரியாது. இதைச் செய்ய முன்னால ஒரு மீட்டர் மிச்சம் வெச்சு வரணும். முழு பிரேக்ல மட்டும் இது கிடையாது. ஆள் முன்னால இருக்கிறப்ப நிக்கிற வரைக்கும் தளர்த்தவே கூடாது. ரெண்டையும் ஒரே காட்சியில சொன்னா குழப்பிக்குவாங்க, தனித்தனியா வைங்க.

ஸ்டாப்பிங்ல இருந்து எடுக்கிற வரிசையையும் எழுதிக்கோங்க. உள் கண்ணாடியில படி காலி, கதவு மூடுது. வாசல் பக்கக் கண்ணாடியில பின் சக்கரம் வரைக்கும் யாரும் ஒட்டி நிக்கலை. முன்பக்கக் கீழ்க் கண்ணாடியில பம்பருக்கு முன்னால யாரும் குனிஞ்சிருக்கலை. ஓட்டுநர் பக்கக் கண்ணாடி, அப்புறம் ரோடு. கடைசியா திரும்ப உள் கண்ணாடி, நடந்துக்கிட்டிருக்கிற முதியவர் உக்கார்ந்தாச்சான்னு. முதல் உள் கண்ணாடிக்கும் கடைசி உள் கண்ணாடிக்கும் நடுவுல அஞ்சாறு நொடி போயிருக்கும், அதுவே பெரும்பாலும் அவர் உக்காரப் போதும். வண்டி ஒடிச்சு வெளியே வர்றப்ப வால் ரோட்டோர நடைபாதைப் பக்கம் அரை மீட்டருக்கு மேல வீசும், அதனால நகர்ந்த பிறகும் வாசல் பக்கம் ஒரு தடவை.

ரூட்_27
ஜூன் 6, காலை 6:55

விழறதை எப்படிக் காட்டப் போறீங்க? ஆளை வெச்சு எடுக்க முடியாது. உயரமான அட்டைப் பெட்டியை நிக்க வெச்சு பிரேக் போட்டுக் காட்டலாமே. 40-ல பெட்டி விழும், 30-ல நிக்கும்.

பழைய_கியர்
ஜூன் 6, மதியம் 12:10

நல்ல யோசனை தம்பி. ஆனா ஏதோ ஒரு பெட்டியை வெச்சா அது ரெண்டுலயும் விழும், இல்ல ரெண்டுலயும் நிக்கும். அளவு பார்த்துச் செய்யணும்.

எடை சீராப் பரவின பெட்டி சாயறது அதோட அகலத்தை உயரத்தால வகுத்த கணக்குல. 170 செ.மீ. உயரம், 30 செ.மீ. அகலம்னா நொடிக்கு 6 கி.மீ. குறையறப்பவே அடி தூக்கும். 40 செ.மீ. அகலம்னா 8-க்கு மேல. நமக்கு வேண்டியது 40 செ.மீ. பெட்டி. 30 வேகம், கால் பிரேக் மேல, ஏழரை: நிக்கும். 30 வேகம், கால் ஆக்சிலேட்டர்ல, 9: அடி தூக்கும், பிரேக் நேரம் மூணு நொடிக்கு மேல இருக்கிறதால சாய்ஞ்சே விழும். 40-ல கேட்கவே வேணாம். நான் முன்னாடி வேகத்துக்குத்தான் பெரிய பங்குன்னேன், அது மாறலை. ஆனா கடைசி ஒண்ணரை கி.மீ. வித்தியாசம் ஒருத்தர் நிக்கிறாரா விழறாராங்கிறதைத் தீர்மானிக்கலாம். உங்க பாயிண்ட்டும் படத்துல இடம் பிடிச்சாச்சு.

அடியில ரப்பர் பாய் ஒட்டுங்க, இல்லன்னா சாயாம வழுக்கிப் போகும். எடைக்கு அடியில மட்டும் மணல் போடாதீங்க, அது விழாத பொம்மை ஆயிடும். மேலிருந்து கீழ் வரைக்கும் சமமா அடைக்கணும்.

கண்டக்டர்_பை
ஜூன் 6, மதியம் 1:30

பெட்டியை நடைபாதையில வைங்க, வயசானவங்க நிக்கிற இடத்துல. ஆனா மனுஷங்க பெட்டி இல்லைன்னு ஒரு வரி சொல்லுங்க. கம்பியைப் பிடிச்ச ஆளுக்கு 40 செ.மீ. பெட்டியை விடத் தெம்பு அதிகம். கைக்குழந்தையோட நடக்கிறவங்களுக்கு 30 செ.மீ. பெட்டியை விடக் குறைவு.

ஸ்கிரிப்ட்_மேசை
ஜூன் 7, காலை 11:00

நின்ற பிறகு என்ன என்று எழுதவே இல்லை. "கை பிரேக் போட்டு விசாரிக்கவும்" என்று ஒரு வரிதான் இருக்கிறது.

பழைய_கியர்
ஜூன் 7, மாலை 7:45

நின்னதும் கை பிரேக், நாலு விளக்கு. கதவைத் திறக்கக் கூடாது. பயந்தவங்க இறங்கணும்னு கத்துவாங்க, திறந்தா நேரா ஓடற வண்டிக்கு நடுவுல இறங்குவாங்க. வாசல் பக்கக் கண்ணாடியைப் பார்த்துட்டு, ஓரம் கட்டின பிறகுதான் கதவு. ஓரம் கட்ட வண்டியை நகர்த்துறதுக்கு முன்னாடி உள் கண்ணாடி, தரையில யாராவது கிடக்கிறாங்களான்னு. கிடந்தா வண்டியை நகர்த்தாதீங்க, அங்கேயே நிக்கட்டும்.

அப்புறம் எழுந்து போய்ப் பார்க்கணும். கண்ணாடியில தரை முழுசாத் தெரியாது, சீட்டு மறைக்கும். வயசானவங்க வெட்கத்துல "ஒண்ணுமில்லப்பா"ன்னுதான் சொல்வாங்க. தலை இடிச்சதா, இடுப்பு வலிக்குதா, நிக்க முடியுதான்னு தனித்தனியாக் கேட்கணும். யாருக்கும் அடி இல்லைன்னாலும் நேரம், இடம், வேகம் எழுதி டிப்போவுல கொடுக்கணும்.

கண்டக்டர்_பை
ஜூன் 7, இரவு 9:20

பிரேக் மிதிக்கிறப்பவே "பிடிச்சுக்கோங்க"ன்னு டிரைவர் கத்தணும். கண்டக்டர் இல்லாத வண்டியில வேற யார் சொல்லுவா? ஒரு குரல் கேட்டா கை தானாக் கம்பிக்குப் போகும்.

பழைய_கியர்
ஜூன் 7, இரவு 10:05

இதுல மட்டும் நான் உடன்படலை அக்கா. வார்த்தை வாயை விட்டு வெளியே வர்றதுக்குள்ள வண்டி இழுக்க ஆரம்பிச்சிருக்கும். கேட்டுப் புரிஞ்சு பிடிக்க அவங்களுக்கும் ஒரு நொடி வேணும். கத்தணும்னு சொல்லிக் கொடுத்தா சிலருக்குக் கால் வாய்க்காகக் காத்திருக்கும்.

கண்டக்டர்_பை
ஜூன் 8, காலை 6:40

முழு பிரேக்ல நீங்க சொல்றது சரியா இருக்கலாம். ஆனா 70 மீட்டர்ல வேனைப் பார்த்து வேகத்தைக் குறைக்கிறார் இல்லையா, அப்ப சொல்லலாமே? அப்ப நாலு நொடி இருக்கு.

ரூட்_27
ஜூன் 8, காலை 7:15

ஒவ்வொரு வேனுக்கும் சொன்னா மூணாவது தடவை யாரும் காதுல வாங்க மாட்டாங்க.

ஸ்கிரிப்ட்_மேசை
ஜூன் 8, மாலை 4:00

இதை இரண்டு விதமாகவும் எடுத்து, டிரைவர்களுக்குப் போட்டுக் காட்டிவிட்டு முடிவு செய்கிறேன். இப்போதைக்கு குரல் இல்லாமல். இன்று திருத்திய பகுதி:

படம்: பெட்டி நிற்கும் நடைபாதை. கேமரா பின் சீட்டிலிருந்து. முன் கண்ணாடி வழியே வேன்.
எழுத்து: "40 கி.மீ. கால் ஆக்சிலேட்டரில்."
படம்: பிரேக். பெட்டி முன்னால் பாய்ந்து விழுகிறது. பஸ் ஆள் இறங்கிய இடத்தை ஒட்டி நிற்கிறது.
எழுத்து: "30 கி.மீ. கால் ஆக்சிலேட்டரில்."
படம்: பெட்டி மெல்லச் சாய்ந்து விழுகிறது. பஸ் நிற்கிறது.
எழுத்து: "30 கி.மீ. கால் பிரேக் மேல்."
படம்: பெட்டி நிற்கிறது. பஸ் நிற்கிறது.
குரல்: "மூன்று முறையும் ஆள் அதே 25 மீட்டரில்தான் இறங்கினார்."

கேமரா_கண்
ஜூன் 8, மாலை 5:30

மைதானத்துல எடுக்கிறப்ப ஆளுக்குப் பதிலா ஒரு துணித் திரையைக் கயிறு கட்டி இழுத்துடலாம். வேனோட முன் மூலையில இருந்து பின்னோக்கி 25, 50, 70 மீட்டர்ல சுண்ணாம்புக் கோடு. வேகம் எடுக்க அதுக்கும் முன்னாடி 80 மீட்டராவது வேணும், வேனைத் தாண்டி 30 மீட்டர் காலி இடம் வேணும், முதல் டேக்ல நிக்காமப் போனாலும் போகட்டும்.

பணிமனை_ஸ்பேனர்
ஜூன் 8, இரவு 8:10

அன்னைக்குக் காலையில வண்டியை நான் பார்த்துக்கறேன். காத்து முழுசா ஏறினதும் இன்ஜினை ஆஃப் பண்ணி, பிரேக்கை மிதிச்சபடி முள் இறங்குதான்னு பார்த்துட்டுத்தான் வெளியே விடுவேன். ஒவ்வொரு டேக்குக்கும் நடுவுல டிரம் சூடு ஆற நேரம் விடுங்க, சூட்டுல பிடி குறைஞ்சா மூணாவது டேக் கணக்கே தப்பாயிடும். டிரைவரைத் தவிர உள்ள யாரும் இருக்கக் கூடாது, அவரும் பெல்ட் போட்டிருக்கணும். பெட்டி விழுந்து உருண்டு வந்தா பெடலுக்குப் போகாம டிரைவர் சீட்டுக்குப் பின்னாடி ஒரு வலை கட்டிடுங்க.